கேமர்டேக்கை மாற்றினால் நண்பர்கள் பட்டியலும் வாங்கிய கேம்களும் என்ன ஆகும்?

கன்சோல் கணக்கில் பெயரை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "நான் மாற்றினேன், ஒன்றுமே ஆகவில்லை" என்பார் ஒருவர். "மாற்றினேன், காசு கொடுத்து வாங்கிய காயின் எல்லாம் போச்சு" என்பார் இன்னொருவர். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் முதல் ஆள் எக்ஸ்பாக்ஸ்காரராக இருப்பார், இரண்டாமவர் பிளேஸ்டேஷனில் பழைய கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தவராக இருப்பார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் கணக்கில் எது ஆபத்தில் இருக்கிறது, எது இல்லை என்பதை மாற்றுவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

## ஒரே கணக்கில் நான்கு அடையாளங்கள்

குழப்பத்தில் பாதி, எல்லாவற்றையும் "பெயர்" என்று ஒரே சொல்லால் சொல்வதால் வருவது. உண்மையில் ஒரு கன்சோல் கணக்கில் தனித்தனியாக நான்கு இருக்கின்றன.

1. உள்நுழையும் மின்னஞ்சல். கடவுச்சொல்லோடு சேர்த்துத் தட்டச்சு செய்வது. இது நண்பர்களுக்குத் தெரியாது. பெயரை மாற்றினாலும் இது அப்படியே இருக்கும்.
2. கணக்கு எண். நீங்கள் கணக்கு தொடங்கிய நாளில் சர்வர் கொடுத்த நீளமான எண். எக்ஸ்பாக்ஸில் இதற்கு XUID என்று பெயர், பிளேஸ்டேஷனில் Account ID. சாதாரணமாக எந்தத் திரையிலும் இதைப் பார்க்க மாட்டீர்கள். இது மாறவே மாறாது.
3. எல்லோருக்கும் தெரியும் பெயர். எக்ஸ்பாக்ஸில் கேமர்டேக், பிளேஸ்டேஷனில் ஆன்லைன் ஐடி, நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் புனைபெயர். நாம் மாற்றப்போவது இதைத்தான்.
4. உண்மைப் பெயர். எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் விருப்பப்பட்டால் நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் காட்டலாம். இது தனி அமைப்பு, மூன்றாவதோடு இதற்குத் தொடர்பில்லை.

வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினால் கதவு எண் மாறிவிடாது, தபால்காரர் எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுகிறவர் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பலகையில் இருக்கும் பெயரை மட்டுமே பார்த்துப் பழகிய தபால்காரர் என்றால், நாளையிலிருந்து அவருக்கு அது வேறு யாரோ ஒருவரின் வீடு. கன்சோல் விஷயத்தில் அந்தத் தபால்காரர் ஒவ்வொரு கேமும்தான். சில கேம்கள் இரண்டாவதை, அதாவது எண்ணை வைத்து உங்களை அடையாளம் காண்கின்றன. சில கேம்கள் மூன்றாவதை, அதாவது பெயரை வைத்து. நல்லது கெட்டது எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

## மூன்று கன்சோல், மூன்று விதம்

எக்ஸ்பாக்ஸ். கேமர்டேக்கைக் காசு கொடுத்து மாற்றும் வசதி எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலேயே இருந்தது. அதனால் கேம் எழுதுகிறவர்களுக்கு "இந்தப் பெயர் நாளைக்கே மாறலாம்" என்பது முதலிலிருந்தே தெரியும், விளையாட்டைச் சேமித்த சேவ் கோப்புகளையும் சாதனைகளையும் XUID எண்ணோடு கட்டினார்கள். எக்ஸ்பாக்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் அலட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

2019 ஜூனில் இங்கே இன்னொரு மாற்றம் வந்தது. அதற்கு முன் 15 எழுத்து வரை பெயர் வைக்கலாம், ஆனால் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். நல்ல பெயர்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. 2016இல் பயன்படுத்தாமல் கிடந்த ஏறக்குறைய பத்து லட்சம் பழைய பெயர்களை மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டதே இந்தப் பஞ்சத்தால்தான். 2019 முறையில் பெயருக்கு 12 எழுத்து வரை, அதோடு யாரோ ஏற்கெனவே வைத்திருக்கும் பெயரையே நீங்களும் வைக்கலாம். பின்னால் `#` போட்டுச் சில எண்கள் தானாக ஒட்டிக்கொள்ளும், உதாரணமாக `PudhuPeyar#4821`. திரையில் அந்த எண் சின்னதாக, மங்கலாகத் தெரியும். இந்த எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

பிளேஸ்டேஷன். ஆன்லைன் ஐடி 3 முதல் 16 எழுத்து. எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு மட்டும். ஒரு பெயர் ஒருவருக்குத்தான். முதல் மாற்றம் இலவசம், அடுத்ததிலிருந்து கட்டணம், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரருக்கு ஏறக்குறைய பாதிக் கட்டணம். மாற்றும் வசதி 2019 ஏப்ரலில்தான் எல்லோருக்கும் கிடைத்தது, அதுவரை எத்தனை வருடம் கெஞ்சியும் கிடைக்கவில்லை. தலைவலி முழுக்க இங்கேதான், அதைத் தனியாகப் பார்ப்போம்.

நிண்டெண்டோ ஸ்விட்ச். புனைபெயர் 10 எழுத்து வரை, எப்போது வேண்டுமானாலும் காசில்லாமல் மாற்றலாம், ஆயிரம் பேருக்கு ஒரே பெயர் இருந்தாலும் பரவாயில்லை. ஏனென்றால் நண்பர்களைச் சேர்ப்பது `SW-` என்று தொடங்கும் 12 இலக்க நண்பர் எண்ணை வைத்து. பெயர் இங்கே வெறும் அலங்காரம். ஒன்றே ஒன்று: கேமுக்குள் நீங்கள் கொடுத்த பெயர் இதனால் மாறாது. 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' மாதிரி கேமில் ஆரம்பத்தில் பாத்திரத்துக்கு வைத்த பெயர் அந்தக் கேமின் சொத்து, கன்சோல் புனைபெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது.

## நண்பர்கள் பக்கம்

நண்பர்கள் பட்டியல் எண்ணோடு கட்டப்பட்டது. அதனால் யாரும் பட்டியலிலிருந்து விழ மாட்டார்கள், நீங்களும் யாருடைய பட்டியலிலிருந்தும் விழ மாட்டீர்கள். நீங்கள் தடுத்து வைத்தவர்கள் தடுக்கப்பட்டே இருப்பார்கள். இதுவரை சரி.

பிரச்சினை மனிதர்கள் பக்கம். "இன்னார் பெயரை மாற்றிவிட்டார்" என்று உங்கள் நண்பருக்கு ஓர் அறிவிப்பு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருநாள் அவர் பட்டியலைத் திறக்கிறார், அதில் அறிமுகமே இல்லாத ஒரு பெயர் பச்சைப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது. "இது யார், எப்போது சேர்த்தோம்?" என்று யோசிப்பார். ஆறு மாதமாகப் பேசாத நண்பர் என்றால் யோசிக்கக்கூட மாட்டார், நீக்கிவிட்டுப் போய்விடுவார். பெயர் மாற்றிய பிறகு நண்பர்கள் குறைவது சர்வர் கோளாறு இல்லை, பெரும்பாலும் இதுதான்.

இதை முன்கூட்டியே யோசித்துத்தான் சோனி ஒரு வசதி வைத்திருக்கிறது. மாற்றும்போதே பழைய ஐடியையும் புதிய ஐடிக்குப் பக்கத்தில் 30 நாள் காட்டலாமா என்று கேட்கும். இந்த முடிவை மாற்றும் நேரத்தில்தான் எடுக்க முடியும், அப்புறம் வந்து மனம் மாறினால் முடியாது. என் கருத்தில், பெயரை மாற்றுவதற்குக் காரணம் யாரிடமிருந்தாவது ஒதுங்குவதாக இல்லாவிட்டால் இதற்குச் சம்மதிப்பதே நல்லது. மற்ற கன்சோல்களில் இந்த வேலையை நாமேதான் செய்யவேண்டும்: சுயவிவரப் படத்தை அதே நேரத்தில் மாற்றாமல் ஒரு மாதம் விட்டுவைத்தாலே பாதிப் பேர் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எக்ஸ்பாக்ஸில் இன்னொரு சின்னச் சிக்கல் உண்டு. புதிய நண்பர் உங்களைத் தேடிச் சேர்க்கவேண்டுமென்றால் பின்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும். `PudhuPeyar` என்று மட்டும் சொன்னால் அவர் வேறொரு `PudhuPeyar`க்கு அழைப்பு அனுப்பிவிட்டு "ஏன் ஏற்கவில்லை?" என்று உங்களிடம் கேட்பார். இதையே தலைகீழாகவும் யாராவது பயன்படுத்தலாம், அதாவது உங்கள் நண்பரின் பெயரையே வேறு எண்ணோடு வைத்துக்கொண்டு "இது என் புதுக் கணக்கு" என்று வரலாம். பெயரும் படமும் ஒன்றாக இருப்பதால் அது அவர்தான் என்று ஆகிவிடாது, அந்த மங்கலான எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

அப்புறம், தொல்லை கொடுக்கிற ஒருவரிடமிருந்து தப்பிக்கப் பெயரை மாற்றுகிறவர்கள் உண்டு. அவர் உங்கள் நண்பர்கள் பட்டியலில் இருந்தால் புதுப் பெயர் அவருக்கு உடனே தெரிந்துவிடும், காசுதான் வீண். முதலில் நீக்கித் தடுக்கவேண்டும், பெயர் அதற்குப் பிறகு. கணக்கின் மேல் ஏற்கெனவே இருக்கும் தடைகளும் புகார்களும்கூட எண்ணோடு கட்டப்பட்டவை, பெயர் மாற்றி அவற்றைக் கழற்ற முடியாது.

## வாங்கியவை: "வாங்கினேன்" என்பதில் மூன்று அடுக்கு

இங்கேதான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள், பல நேரம் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

1. கேமும் கூடுதல் பகுதிகளும். கடையில் வாங்கிய கேம், டி.எல்.சி., தீம் எல்லாம் உரிமமாகக் கணக்கு எண்ணில் பதிவாகியிருக்கும். பெயரை மாற்றிய பிறகும் கடைக்குப் போனால் "வாங்கியது" என்றே காட்டும், மறுபடி தரவிறக்கலாம். சந்தாவும் அப்படியே ஓடும். இந்த அடுக்கைப் பற்றி மூன்று கன்சோலிலும் கவலை வேண்டாம்.
2. சேவ். கன்சோல் சேவ் கோப்பைக் கணக்கு எண்ணின்கீழ் வைக்கிறது. ஆனால் அந்தக் கோப்புக்கு *உள்ளே* என்ன எழுதவேண்டும் என்பது கேமின் இஷ்டம். சில கேம்கள் உள்ளே உங்கள் ஆன்லைன் ஐடியையும் எழுதி வைத்துவிட்டு, திறக்கும்போது "இது இந்த ஆளுடையதுதானா?" என்று ஒப்பிடும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் சேவ் இருந்தும் இல்லாத கதைதான்.
3. கேமுக்குள் செலவழிக்கும் பணம், திறந்த பொருட்கள். காயின், வைரம், புள்ளி என்று எந்தப் பெயரில் இருந்தாலும் இதுதான் ஆபத்தான அடுக்கு.

மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் 1000 காயின் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்சோல் கடை காசை எடுத்துக்கொண்டு, "இந்த ஆளுக்கு 1000 காயின் கொடு" என்று கேமுக்குச் சொல்கிறது. கேம் தன்னுடைய சொந்த சர்வரில் உங்கள் கணக்கில் 1000ஐக் கூட்டிவிட்டு, "கொடுத்தாச்சு" என்று கடைக்குத் திரும்பச் சொல்கிறது. அந்த நொடியிலிருந்து கடையைப் பொறுத்தவரை அந்த வியாபாரம் முடிந்துபோன ஒன்று, திரும்ப எடுத்துக் கொடுக்க அங்கே எதுவுமில்லை. மீதி இருப்பு முழுக்க கேம் நிறுவனத்தின் சர்வரில். அந்த சர்வர் தன் பதிவேட்டில் உங்களுக்கான வரியை XUID அல்லது Account ID கொண்டு தேடுகிறது என்றால் பெயர் மாறினாலும் இருப்பு அப்படியே வரும். ஆன்லைன் ஐடி கொண்டு தேடுகிறது என்றால்? புதுப் பெயரில் வரியே இல்லை. அதனால் புது ஆள் என்று நினைத்துப் பூஜ்யத்தில் ஒரு வரியைத் திறந்துவிடும். உங்கள் காயின் அழியவில்லை, பழைய பெயரின்கீழ் பத்திரமாகவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டி.எல்.சி.க்கும் காயினுக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரியாததால்தான் கடை உதவி மையத்தில் "வாங்கிய ரசீது இருக்கிறதே" என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். ரசீது சரிதான், கடை தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டது.

## பிளேஸ்டேஷன் ஏன் இவ்வளவு தாமதம் செய்தது

பிளேஸ்டேஷன் நெட்வொர்க் 2006இல் தொடங்கியபோது ஆன்லைன் ஐடி நிரந்தரம் என்பதே விதி. கேம் எழுதுகிறவர்களுக்கு சோனி கொடுத்த கருவிகளிலும் "இப்போது விளையாடுவது யார்?" என்று கேட்டால் கையில் கிடைப்பது அந்த ஐடிதான். மாறாத ஒன்றை ஆளை அடையாளம் காணும் சாவியாகப் பயன்படுத்துவதில் தப்பே இல்லையே. அப்படியே பி.எஸ்.3, வீட்டா, பி.எஸ்.4 என்று பல ஆண்டுகள், ஆயிரக்கணக்கான கேம்கள். அவற்றில் பலவற்றை எழுதிய குழுக்கள் கலைந்தே போய்விட்டன, திருத்த ஆளில்லை.

2018 அக்டோபரில்தான் சோனி பெயர் மாற்றும் வசதியை அறிவித்தது. முதலில் சோதனைக்குச் சிலருக்கு மட்டும், பிறகு 2019 ஏப்ரலில் எல்லோருக்கும். கூடவே ஒரு தேதிக் கோடும் போட்டது: 2018 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு முதன்முதலாக வெளியான பி.எஸ்.4 கேம்கள் பெயர் மாற்றத்தைத் தாங்கும்படி உருவாக்கப்பட்டிருக்கவேண்டும். அதற்கு முந்தையவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. பி.எஸ்.3, வீட்டா கேம்களுக்கு ஆதரவே இல்லை, அந்தக் கன்சோல்களிலிருந்து பெயரை மாற்றவும் முடியாது.

கேம்களைச் சோதித்துப் பட்டியலும் போட்டார்கள். பெரும்பாலானவை தாங்கின. சிலவற்றில் ஓரளவு சிக்கல். மிகச் சிலவற்றில் பெரும் சிக்கல், லிட்டில்பிக்பிளானட் 3, எவ்ரிபடீஸ் கோல்ஃப் இரண்டும் அந்த 2019 பட்டியலில் இருந்தன. இவை இரண்டும் யாரோ எங்கோ எழுதிய கேம்கள் இல்லை, சோனியே வெளியிட்டவை. சொந்த வீட்டுக் கேம்களிலேயே பெயர் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மாற்றும் திரையில் சோனி ஓர் எச்சரிக்கை காட்டும், பலர் படிக்காமல் தாண்டிப்போகும் திரை அது. அதன் சாரம்:

1. காசு கொடுத்து வாங்கியவை உட்பட கேமுக்குள் இருக்கும் பொருட்களும் பணமும் கைவிட்டுப் போகலாம்.
2. சேவ், தரவரிசை, டிராஃபி நோக்கிய முன்னேற்றம் போகலாம்.
3. கேமின் சில பகுதிகள் ஆன்லைனிலும் ஆஃப்லைனிலும் சரியாக ஓடாமல் போகலாம்.
4. பழைய ஐடி சில இடங்களில் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் தொடர்ந்து தெரியலாம்.

முதல் மூன்றும் மேலே சொன்ன சாவிப் பிரச்சினைதான். நான்காவது வேறு ரகம். ஆட்டம் முடிந்து தரவரிசையில் புள்ளியைப் பதியும்போது சில கேம்கள் அன்றைய பெயரையும் சேர்த்து எழுதி வைத்துவிடும். நீங்கள் மறுபடி அதே தடத்தில் ஓடிப் புதிய புள்ளியைப் பதியும்வரை அங்கே பழைய பெயர்தான். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் எதுவும் இழந்ததில்லை. இதையும் முதல் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பதறவேண்டாம்.

## ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்

2014இல் தொடங்கிய கணக்கு, ஐடி `PazhayaPeyar_07`. இப்போது `PudhuPeyar_22` ஆக்கவேண்டும். இந்தக் கணக்கில் மூன்று கேம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது 2020இல் வந்த ஆன்லைன் சுடும் கேம். கேம் நிறுவனத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு, அதோடு பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்திருக்கிறார். இரண்டாவது 2016இல் வந்த தனியாள் கதை கேம், இணையமே தேவையில்லை. மூன்றாவது 2015இல் வந்த விளையாட்டுப் போட்டி கேம், அதில் காசு கொடுத்து வாங்கிய காயின் 3000 மீதியிருக்கிறது.

பெயரை மாற்றிவிட்டு முதலாவதைத் திறக்கிறார். ஆயுதங்கள், நிலை எல்லாம் அப்படியே. ஆனால் ஆட்டத்துக்குள் தலைக்கு மேலே தெரியும் பெயர் மாறவில்லை! ஏதோ கோளாறு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கோளாறு இல்லை. பல கன்சோல்காரர்கள் சேர்ந்து விளையாடும் கேம்களில் நிறுவனம் தன் சொந்தக் கணக்கின் பெயரைக் காட்டுகிறது, அது வேறொரு பெயர், அதை மாற்ற வேறொரு இடம், அதற்கு வேறு விதிகள். இணைப்பு எண்ணை வைத்துப் போடப்பட்டதால் அது அறுபடவில்லை. இந்த இடத்தில் சிலர் "பெயர் வரவில்லையே" என்று இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைக்கப் பார்ப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். துண்டித்தால் மறுபடி இணைக்கக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, சும்மா இருந்ததைக் கெடுத்துக்கொண்டதாகிவிடும்.

இரண்டாவதைத் திறக்கிறார். சேவ் வருகிறது, டிராஃபியும் வருகிறது. இணையம் தேவையில்லாத கேம் என்பதால் மட்டும் இது பத்திரம் என்று சொல்ல முடியாது, சேவுக்குள் பெயர் எழுதாத கேம் என்பதால் பத்திரம்.

மூன்றாவதைத் திறக்கிறார். வழக்கமான முகப்புத் திரைக்குப் பதிலாக வரவேற்புத் திரை: "உங்கள் அணிக்குப் பெயர் வையுங்கள்." காயின் 0. பயிற்சி ஆட்டம் தொடங்குகிறது. இதுதான் அடையாளம். பழைய வீரரைப் புது வீரராக நினைத்து ஒரு கேம் ஆரம்பத்திலிருந்து கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தால், அது பெயரைச் சாவியாக வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அவர் செய்யவேண்டியது அந்தத் திரையில் எதையும் அழுத்தாமல் வெளியேறுவது. அணிக்குப் பெயர் வைத்துவிட்டு "பார்ப்போம், அப்புறம் வந்துவிடும்" என்று பத்து ஆட்டம் ஆடினால் இரண்டு விதத்தில் நஷ்டம். கேம் புதிய வெற்றுச் சேவ் கோப்பைப் பழையதன்மேல் எழுதலாம், தானியங்கிப் பதிவேற்றம் இயங்கிக்கொண்டிருந்தால் மேகச் சேமிப்பில் இருக்கும் நல்ல பிரதியின் மேலும் அந்த வெற்றுச் சேவ் ஏறிவிடலாம். அடுத்தது, புதுப் பெயரில் சேர்க்கும் எதுவும் பழைய பெயருக்குத் திரும்பும்போது கூட வராது.

திரும்புவது என்றால், பழைய ஐடிக்கே போவது. சோனி இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, உங்கள் பழைய ஐடியை வேறு யாருக்கும் கொடுப்பதும் இல்லை, அது உங்களுக்காகவே காத்திருக்கும். (விதிமீறல் என்று சோனியே பறித்த பெயர் மட்டும் விலக்கு.) திரும்பியதும் சர்வர் மறுபடி `PazhayaPeyar_07` என்று தேடும், வரி கிடைக்கும், 3000 காயினும் வரும். பெரும்பாலான சிக்கல்கள் இப்படித் தீர்ந்துவிடும் என்றுதான் சோனியும் சொல்கிறது. எல்லாமே தீரும் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

## பெயரும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் ஓர் இடம்

இந்தச் சாவி விவகாரத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பின் சர்வரைத் திறந்து பாருங்கள். அதில் எந்தக் கன்சோலில் இருந்து வந்தாலும் எக்ஸ்பாக்ஸ் அடையாளம்தான் பயன்படும். யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல் `allowlist.json` என்ற கோப்பில் இப்படி இருக்கும்:

```
[
  {
    "ignoresPlayerLimit": false,
    "name": "PazhayaPeyar",
    "xuid": "2535xxxxxxxxxxxx"
  },
  {
    "ignoresPlayerLimit": false,
    "name": "InnoruNanbar"
  }
]
```

முதல் ஆளுக்குப் பெயரும் எண்ணும் இருக்கின்றன. இரண்டாவது ஆளைச் சேர்த்தாயிற்று, ஆனால் அவர் இன்னும் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. அதனால் எண் இல்லை, அந்தப் பெயரோடு ஒருவர் வந்து சேரும்போதுதான் சர்வர் எண்ணை நிரப்பிக்கொள்ளும். இந்த இரண்டாவது நண்பர் முதல்முறை வருவதற்கு முன்பே கேமர்டேக்கை மாற்றிவிட்டால், சர்வருக்கு அவர் யாரோ. வெளியே நிற்கவேண்டியதுதான். நிர்வாகி புதுப் பெயரில் மறுபடி சேர்க்கவேண்டும்.

அதே சர்வரில் யாருக்கு நிர்வாகி அதிகாரம் என்று சொல்லும் `permissions.json` கோப்பில் பெயரே கிடையாது, `xuid` மட்டும்தான். அதில் இருக்கிறவர் நூறு முறை பெயரை மாற்றினாலும் அதிகாரம் போகாது. ஒரே சர்வருக்குள் ஒரு கோப்பு பெயரையும் பார்க்கிறது, இன்னொன்று எண்ணை மட்டும் பார்க்கிறது. பிளேஸ்டேஷனின் பழைய கேம்களில் நடந்ததும் இதேதான், அங்கே கோப்பைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

## மாற்றுவதற்கு முன், மாற்றிய உடனே

எக்ஸ்பாக்ஸிலும் ஸ்விட்ச்சிலும் இந்தப் பகுதி அநேகமாகத் தேவைப்படாது, நண்பர்களிடம் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனில் பழைய கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை:

1. நூலகத்தைத் தேதியால் பிரியுங்கள். 2018 ஏப்ரலுக்கு முன் வந்த கேம்களில் இன்னும் விளையாடுபவை எவை, அவற்றில் காசு போட்டவை எவை? பெரும்பாலானவர்களுக்கு இரண்டோ மூன்றோதான் தேறும். பி.எஸ்.5இல் விளையாடும் பழைய பி.எஸ்.4 கேமும் பழைய கேம்தான், கன்சோல் புதிது என்பதால் கேம் மாறிவிடாது. ஒன்றுமே தேறவில்லை என்றால் மீதி வரிகளைப் படிக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.
2. கேமுக்குள் மீதியிருக்கும் பணத்தைச் செலவழிப்பதா என்று யோசியுங்கள். இது எல்லோருக்கும் தோன்றும் யோசனை, ஆனால் அரைகுறையானது. காயினைக் கொடுத்து ஆட்டக்காரரையோ உடையையோ வாங்கினால் அதுவும் அதே வரியில்தான் எழுதப்படும், காயின் போனால் அதுவும் போகும். செலவழிப்பதால் பாதுகாப்பு கூடாது. புதிதாகக் காசு போடாமல் இருப்பது மட்டுமே பலன் தரும்.
3. சேவ் கோப்பைப் பிரதி எடுங்கள். பி.எஸ்.4 சேவ் கோப்பை யூ.எஸ்.பி.யில் எடுத்து வைக்கலாம், பி.எஸ்.5இல் இருக்கும் பி.எஸ்.4 சேவ் கோப்பையும் எடுக்கலாம். பி.எஸ்.5 கேமின் சேவுக்கு மேகச் சேமிப்பு மட்டுமே வழி, அதற்குப் பிளஸ் சந்தா வேண்டும். பிரதி எடுத்தபின் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தி வையுங்கள்.
4. இருப்பைப் படம் பிடியுங்கள். காயின், நிலை, திறந்த பொருட்கள் தெரியும் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு கேம் நிறுவனத்திடம் பேச நேர்ந்தால், பழைய ஐடியும் தேதியும் அந்தப் படமும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.
5. முதல் மாற்றம் இலவசம் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துப்பிழையோடு ஒரு பெயரை வைத்துவிட்டு அதைச் சரிசெய்யப் போனால் அது இரண்டாவது மாற்றம், காசு. உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள், சிறிய `l`, பெரிய `I` இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.
6. மாற்றியதும் ஆபத்தான கேமை முதலில் திறங்கள். வழக்கமாக விளையாடுவதை அல்ல, முதல் படியில் தேறிய அந்த இரண்டு மூன்றை. பழைய முகப்பும் பழைய இருப்பும் வந்தால் நிம்மதி, பதிவேற்றத்தை மறுபடி இயக்கலாம். வரவேற்புத் திரை வந்தால் எதையும் ஏற்காமல் கேமை மூடுங்கள். ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி உள்நுழைந்து, கன்சோலை முழுதாக அணைத்துப் போட்டுப் பாருங்கள், சில கேம்கள் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருப்பது இதில் சரியாவதுண்டு. அப்போதும் வரவேற்புத் திரைதான் என்றால் அந்தக் கேமா, புதுப் பெயரா என்பதை அன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மற்ற கேம்களில் புதுப் பெயரோடு விளையாடிச் சேர்க்கச் சேர்க்க, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டு வரவேண்டியதும் கூடிக்கொண்டே இருக்கும்.